மதிய ஹாஜரில் இல்லாதவன்

பிள்ளை வகுப்புக்குப் போகாமல் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்த பிறகும், பெற்றோர் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும் பதிலில் பெரும்பாலும் காய்ச்சல்தான் இருக்கும். இல்லையென்றால் வயிற்றுவலி. அதுவும் இல்லையென்றால் சொந்தத்தில் ஒரு சாவு. கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய காலமெல்லாம் அப்படிப்பட்ட தாள்களை வாங்கி ஹாஜர் புத்தகத்துக்குள் செருகி வைத்தவள் நான். எழுதியவருக்கும் அது பொய் என்று தெரியும். வாங்கிய எனக்கும் தெரியும். நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற பிள்ளைக்கு எங்கள் இரண்டு பேரைவிட நன்றாகத் தெரியும்.

ஓய்வுபெற்று மீனாட்சிபுரத்தில் வீட்டோடு இருக்கிற இப்போது, அந்தத் தாளை எழுதித் தரச் சொல்லி அக்கம்பக்கத்தார் என்னிடம் வருகிறார்கள். இங்கே தமிழ்க் குடும்பங்களில் மலையாளம் பேச எல்லாருக்கும் வரும். சந்தையில், பஸ்ஸில், ரேஷன் கடையில் பேசிப் பேசியே வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் பெரியவர்கள் பலருக்கு வராது. பள்ளியிலிருந்து வருகிற செய்தியோ மலையாளத்தில் வரும். அதை வீட்டில் படித்துச் சொல்லுவது யார்? அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைதான்.

போன ஆண்டு எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு நடந்தது இதுதான். தென்னந்தோப்பில் மட்டை உரிக்கப் போகிறவர். மகன் எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. மதியத்துக்குப் பிறகு பையன் வகுப்பில் இருப்பதில்லை என்று வகுப்பாசிரியர் இரண்டு தடவை அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். இரண்டையும் மகனே படித்துக் காட்டியிருக்கிறான். ஒன்று யூனிஃபார்முக்கு அளவு எடுக்கிற செய்தி ஆயிற்று, இன்னொன்று பிடிஏ கூட்டம் தள்ளிப்போன செய்தி ஆயிற்று. மூன்றாவதாக வகுப்பாசிரியர் நேரடியாகப் போன் செய்தபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. எழுத்துமூலம் பதில் கொடுங்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "காய்ச்சல்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க டீச்சர். டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துட்டாங்கன்னா நானெங்க போவேன்?" என்றார். கொஞ்ச நேரம் போனதும் அவருக்கே கோபம் பொங்கிவிட்டது. "இல்லீங்க டீச்சர், உள்ளதையே எழுதுங்க. கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்கன்னு எழுதுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தவுடன் பெற்றவர் மனம் ஓடுகிற இரண்டு திசைகளும் அந்த இரண்டு பேச்சில் இருந்தன. ஒன்று, பிள்ளையை மறைத்துக்கொள்வது. மற்றொன்று, பிள்ளையைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வது. ஒன்று பாசம், மற்றொன்று கண்டிப்பு என்று வெளியே வேறு வேறு முகம் தெரிந்தாலும், இரண்டிலும் பெற்றவர் தாம் செய்யவேண்டிய வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார் என்றே நான் நினைக்கிறேன். அந்த வேலை, மதியம் அவன் எங்கே போனான், ஏன் போனான் என்று தெரிந்துகொள்வது.

டிசி பயத்தை முதலில் போக்கவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது அதன் பதினாறாம் பிரிவு. சில மதியங்கள் வராததற்காக எட்டாம் வகுப்புப் பையனை யாரும் வெளியே அனுப்பிவிட முடியாது. அதே சட்டத்தின் பதினேழாம் பிரிவு உடலை வருத்துகிற தண்டனையையும் மனத்தை வதைக்கிற நடத்தையையும் தடை செய்கிறது. பெற்றவர் சம்மதித்தால் அடிக்கலாம் என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. ஆகவே தோலை உரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் அதை வைத்து ஆசிரியர் எதுவும் செய்ய முடியாது. ஆனால் பையன் அதைப் படிப்பான். அப்பா என்னை இவர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது மட்டும் அவனுக்குள் நிற்கும்.

காய்ச்சல் கடிதத்தை நான் மறுத்ததற்கு, பொய் சொல்வது தப்பு என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் ஹாஜர் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எடுக்கிறார்கள். ஒரு பிள்ளை எந்தெந்த நாள், எந்தப் பொழுதில் இல்லாமல் போகிறான் என்பது அந்தக் கட்டங்களில் தானாகவே பதிவாகிக்கொண்டு வருகிறது. வேறு யாரிடமும் இல்லாத தகவல் அது. பிள்ளைகூட அவ்வளவு துல்லியமாகச் சொல்லமாட்டான். அந்தக் கட்டங்களுக்கு மேலே 'காய்ச்சல்' என்று எழுதி ஒட்டிவிட்டால் பள்ளி கேள்வி கேட்பதை நிறுத்திவிடும், நமக்கும் துப்பு போய்விடும். பையனுக்கும் ஒன்று விளங்கிவிடும்: வராமல் இருந்ததற்கு ஒரு தாள் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. அடுத்த தடவை அந்தத் தாளை அவனே எழுதுவான். அப்பாவின் கையெழுத்துப் போடுவது ஒன்றும் கடினமில்லை.

இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அபராதமே உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் அது 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதற்குப் பிறகு 28 நாட்களுக்குள் என்றால் 160 பவுண்டு. அரசாங்கம் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையோடு இருப்பது நல்லதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் காசு போகும் என்கிற நிலையில் எத்தனை பெற்றோர் உண்மையை எழுதுவார்கள் என்பதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. நம் ஊரில் அபராதம் இல்லை. டிசி பயமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அன்றைக்கு நான் கடிதம் எழுதவில்லை. "நாளைக்கு வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, அவன் இல்லாத மதியங்கள் எதெதுன்னு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. வகுப்பு டைம்டேபிளையும் எழுதிக்கிட்டு வாங்க. வர்றவரைக்கும் பையனை அடிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். கடைசி வாக்கியம் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

பட்டியலில் ஆறு மதியங்கள் இருந்தன. எல்லாம் செவ்வாய், வியாழன். அந்த ஆறு நாளும் காலையில் வந்திருக்கிறான். உச்சைக்கஞ்சி என்று இங்கே பழைய பழக்கத்தில் சொல்லுகிற மதியச் சாப்பாட்டையும் பள்ளியிலேயே சாப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் ஆள் இல்லை. டைம்டேபிளை வைத்துப் பார்த்தோம். செவ்வாயும் வியாழனும் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட் மலையாளம். மற்ற நாட்களில் மலையாளம் காலையில் வருகிறது. காலையில் வருகிற அந்தப் பீரியடிலிருந்து நழுவ வழியில்லை, கேட் மூடியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கேட் திறந்திருக்கும்.

வகுப்பை விட்டுப் போகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மனோடு சேர்ந்து 1993இல் இதற்காகவே ஒரு கேள்வித்தாளை உருவாக்கி வெளியிட்டார். பள்ளிக்கு வராமல் இருப்பதால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அவர்கள் கண்ட விடைகள் நான்கு. பள்ளியில் உள்ள ஏதோ ஒன்று தருகிற பயத்திலிருந்தோ வேதனையிலிருந்தோ விலகுவது. பலர் முன்னால் நின்று மதிப்பிடப்படுவதிலிருந்து தப்புவது. வீட்டில் அம்மா அப்பாவின் கவனத்தைப் பெறுவது. வெளியே கிடைக்கிற சந்தோஷத்துக்காகப் போவது. நம் வீடுகளில் நான்காவதை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். சினிமா, கிரிக்கெட், போன் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் விசாரணையையே தொடங்குகிறோம்.

என் அனுபவத்தில் சந்தோஷத்துக்காகப் போவதையும் தப்பிக்கப் போவதையும் பிரித்தறிய ஓரளவு வழி உண்டு. சந்தோஷத்துக்காகப் போகிறவன் தனியாகப் போவது அரிது. கூட்டாளிகளோடு போவான். எந்தப் பீரியட் என்று பார்க்கமாட்டான், வெளியே என்ன நடக்கிறது என்று பார்த்துப் போவான். தப்பிக்கப் போகிறவன் தனியாகப் போவான், ஒரே பீரியடில் போவான். போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். பள்ளி விடுகிற நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வந்துவிடுவான். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்திவிடும் என்று சொல்லமாட்டேன். முதலில் தப்பிக்கப் போனவன் நாலு நாளில் வெளியே ருசி கண்டு, பிறகு இரண்டுக்குமாகப் போவதும் உண்டு. அதனால்தான் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்பது.

இந்தப் பையன் போன இடம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு டீக்கடை. பால் டேங்கர்களை நிறுத்திப் பரிசோதிக்கிற சோதனைச்சாவடியைத் தாண்டி நடந்து போயிருக்கிறான். கடைக்காரரிடம் இன்றைக்கு அரைநாள் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறான். அப்பா விசாரித்தபோது கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "பேப்பர் படிக்கறதுக்குன்னே வருவானுங்க. தொந்தரவு ஒண்ணும் கெடையாது." டேங்கர் லாரிகளும் தேங்காய் லோடு லாரிகளும் ஓடுகிற அந்த ரோட்டில், பள்ளியும் வீடும் அறியாமல் ஒரு குழந்தை நடந்து போய் வந்திருக்கிறான் என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் பள்ளியில் இருக்கிறான் என்று வீடு நினைத்தது. வீட்டுக்குப் போயிருப்பான் என்று பள்ளி நினைத்தது.

இனி அவனிடம் கேட்கவேண்டும். அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "ஏன் போகலைன்னு கேக்காதீங்க. அந்தப் பீரியட்ல என்ன நடக்கும்னு கேளுங்க." ஏன் என்று கேட்டால் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடுவான். என்ன நடக்கும் என்று கேட்டால் நடந்ததைச் சொல்லத் தொடங்க ஒரு நுனி கிடைக்கும். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி பிள்ளை தானாகச் சொன்னதால் தெரிந்ததே தவிர, துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுக்காவல் வைத்ததாலோ தெரிந்தது அல்ல. அதைப் படித்தபோது என் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. தானாகச் சொல்லுகிற பழக்கத்தை வீட்டில் ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது. ஆனால் ஒரே நாளில் அதை உடைத்துவிட முடியும், இப்படி அகப்பட்ட நாள்தான் அந்த நாள்.

அவன் சொன்னது இது. ஏழாம் வகுப்புவரை தமிழ் வழிப் பள்ளி. கேரளத்தில் ஐந்து முதல் ஏழுவரை ஒரு கட்டம், எட்டில் ஹைஸ்கூல் தொடங்கிவிடும். அதனால் எட்டாம் வகுப்பில் பள்ளி மாறுகிற பிள்ளைகள் நிறைய. இவன் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தான். மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவான், ஆனால் படிக்கும்போது கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுவான். வகுப்பில் வரிசையாக எழுந்து நின்று ஆளுக்கு ஒரு பத்தி உரக்க வாசிக்கவேண்டும். இவன் முறை வந்தால் பின் பெஞ்சில் ஒருவன் இவன் நிற்கிற இடத்தில் அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுப்பான். உதவிக்காக அல்ல, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லித் தருகிற குரலில். வகுப்பு சிரிக்கும். டீச்சர் சிரித்ததில்லை என்பதையும் அவனே சொன்னான். "டீச்சர் உக்காருன்னு சொல்லிருவாங்க. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

இப்போது கடிதம். இங்கே இன்னொரு கவனம் வேண்டும். பிள்ளை சொன்னதையெல்லாம் நடந்ததாகவே எழுதிவிடக் கூடாது. ஆர்.கே. நாராயணனின் மால்குடிக் கதைகளில் ஒன்றில், சுவாமி பள்ளிக்குப் போகாமல் இருக்க ஓர் ஆசிரியரைப் பொல்லாதவராகச் சொல்லப்போய், அப்பா அதை நம்பித் தலைமையாசிரியருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை உண்மையாக்குவதற்காக ஆசிரியரிடம் அடி வாங்க அந்தப் பிள்ளை படுகிற பாடுதான் கதை. அப்பா விசாரிக்காமல் எழுதிய ஒரு தாள் பிள்ளையின் தலையில் அவ்வளவு கனமாக உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் பையன் விஷயத்தில் டைம்டேபிளும் ஹாஜரும் டீக்கடைக்காரரும் ஒரே பக்கம் கைகாட்டியதால் அவன் சொன்னதை நான் நம்பினேன். இருந்தாலும் வகுப்பறைக்குள் நாங்கள் இருந்ததில்லை. அதைக் கடிதம் மறைக்கக் கூடாது.

எழுதாமல் விடவேண்டியதும் உண்டு. பள்ளிக்குப் போகிற கடிதம் ஒருவர் கையில் நிற்பதில்லை. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், ஆபீஸ் கிளார்க், ஸ்டாஃப் ரூம் என்று போகும். நல்ல மனத்தோடுதான் படிப்பார்கள், ஆனாலும் படித்தது பேச்சாகும். ஆகவே அந்தப் பின் பெஞ்சுப் பையனின் பெயர் கடிதத்தில் வேண்டாம் என்றேன். சிரித்தது பற்றிய விவரமும் வேண்டாம், அது நேரில் பேசவேண்டியது. வீட்டுக் கஷ்டம், அப்பா இல்லாத நேரம், அம்மாவின் உடம்பு இவற்றையும் சேர்க்கவேண்டாம். பரிதாபம் தேடுகிற கடிதத்தைப் பள்ளி பரிதாபத்தோடு மடித்து வைத்துவிடும், வேலை நடக்காது.

எந்த மொழியில் எழுதுவது என்பதில் அவருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "மலையாளத்துல எழுதினாத்தான் மதிப்பு இருக்குமுங்க" என்றார். தமிழில் எழுதி, கீழே மலையாளத்தில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரவேண்டும் என்று சொல்லுகிறது. ஆனால் நான் தமிழில் பிடிவாதமாக இருந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. தம்மால் படிக்க முடியாத தாளில் ஒரு தகப்பன் தம் மகனைப் பற்றிக் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்க முடியாத செய்தியில்தான் இந்த விவகாரமே தொடங்கியது.

கடிதம் இப்படி அமைந்தது:

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் தந்த பட்டியலில் உள்ள ஆறு மதியங்களிலும் என் மகன் வகுப்புக்கு வரவில்லை என்பது உண்மை. அவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவனாகவே வெளியே போயிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. தங்கள் போன் வந்த பிறகுதான் அறிந்தோம். அந்த ஆறு மதியங்களும் ஆப்சென்ட் என்றே இருக்கட்டும், மாற்றக் கேட்கவில்லை.

"அவன் செய்தது தப்பு என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம். பள்ளி அனுப்பிய செய்தியை மாற்றிப் படித்ததற்காகவும் கண்டித்திருக்கிறோம். விட்டுப்போன பாடங்களின் நோட்ஸை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடித்துத் தங்களிடம் காட்டுவான். தங்களிடமும் மலையாளம் டீச்சரிடமும் அவனே வந்து மன்னிப்புக் கேட்பான்.

"மலையாள வகுப்பில் உரக்க வாசிப்பது அவனுக்குக் கடினமாக இருப்பதால் போனதாகச் சொல்லுகிறான். இது அவன் சொன்னது. வகுப்பில் நடப்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள். இதைப் பற்றி நேரில் பேச விரும்புகிறேன். வரும் சனிக்கிழமை தவிர எந்த நாள் சாயங்காலமும் வரமுடியும்.

"இரண்டு வேண்டுகோள். அவன் மதிய ஹாஜரில் இல்லையென்றால் அன்றைக்கே, உடனே எனக்கு அல்லது என் மனைவிக்குப் போன் செய்யவேண்டும். எங்களுக்கு மலையாளம் பேசினால் புரியும், படிக்க வராது. ஆகவே செய்திகளைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் உதவியாக இருக்கும். இந்தக் கடிதத்தை என் மகனும் படித்திருக்கிறான்."

கடைசி வரியில்தான் அவர் ரொம்பத் தயங்கினார். பெரியவர்கள் பேச்சில் பிள்ளைக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. தன்னைப் பற்றிப் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். இத்தனை நாள் அந்த வழியை அவன் ஒருவனே கையில் வைத்திருந்தான். அதை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு, இனி அவனுக்குத் தெரியாமல் பெரியவர்கள் பேசிக்கொள்வோம் என்றால், பழைய ஒளிவுமறைவு ஆள் மாறி நடக்கும், அவ்வளவுதான். தவிர, அவன் படிக்கப்போகிறான் என்று தெரிந்தபோதே கடிதத்தின் சொற்கள் சுத்தமாகிவிட்டன. முதலில் அவர் சொல்லச் சொல்ல நான் குறித்திருந்த "உருப்படாத பயல்" தானாகவே விழுந்துவிட்டது.

படித்தான். "ஆப்சென்ட் என்றே இருக்கட்டும்" என்ற இடத்தில் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். "அப்ப ஆறு நாளும் போச்சா?" என்றான். "போனதுதானே, நீ போகலையா?" என்றார் அப்பா. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடியைவிட அந்த ஆறு கட்டங்கள் அவனுக்கு உறைத்திருக்கும். அவன் செய்ததன் விளைவு அதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கூட்டவோ குறைக்கவோ கேட்டு எழுதுகிற கடிதங்களை எத்தனையோ வாங்கிய எனக்கு, அந்த ஒரு வரிதான் கடிதத்தின் நடுமரம் என்று தோன்றியது.

கடிதத்தோடு அப்பாவும் மகனும் சேர்ந்தே போனார்கள். வகுப்பாசிரியர் நல்லவர். மதிய ஹாஜரில் யாராவது இல்லையென்றால் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வதே தங்கள் வழக்கமாகிவிட்டது, இனி போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மலையாளம் டீச்சருக்கு முதலில் வருத்தம்தான். தம் வகுப்பைக் குற்றம் சொல்லுகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். நேரில் பேசியபோது அது கரைந்தது. உட்காரச் சொன்னது அவனைக் காப்பாற்றுவதற்காக என்று அவர் சொன்னாராம். பையனுக்கு அது வேறு மாதிரி எட்டியிருக்கிறது. அடுத்த நாள் வாசிக்கவேண்டிய பத்தியை முதல் நாளே குறித்துக் கொடுப்பது, வீட்டில் பழகி வந்து நாலு வரி மட்டும் வாசிப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நோட்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியவில்லை, புதன்கிழமை ஆயிற்று.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மறுபடியும் போய்விட்டான். வித்தியாசம், சாப்பாட்டு நேரம் முடிந்த சற்று நேரத்தில் அம்மாவுக்குப் போன் வந்தது. அவர் நேராக அந்த டீக்கடைக்குப் போனார். திரும்பப் பள்ளியில் கொண்டுபோய் விட்டபோது கடைசிப் பீரியட் பாக்கியிருந்தது. அன்றைக்குக் குறித்துக் கொடுத்த பத்தியில் கூட்டெழுத்து அதிகமாம், முந்தின ராத்திரி உட்கார்ந்தும் வரவில்லையாம். அதற்கும் பதில் எழுதவேண்டியிருந்தது. இந்தத் தடவை அப்பாவே நான்கு வரியில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். எழுத்துப்பிழைகளைத் திருத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

இப்போது சாயங்காலங்களில் அவன் என் திண்ணைக்கு வருகிறான். மலையாளப் பாடப்புத்தகத்தில் கூட்டெழுத்து உள்ள சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அவற்றைத் தனியே பத்துப் பத்தாகப் படிக்கிறோம். அவனோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மூவருமே ஏழுவரை தமிழ் வழியில் படித்து எட்டில் பள்ளி மாறியவர்கள். மற்ற இருவரும் வகுப்பை விட்டு ஓடியதில்லை, தங்கள் முறை வராதபடி பின்னால் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளக் கற்றிருக்கிறார்கள். ஹாஜரில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. அவர்களைப் பற்றி எந்த ஆசிரியரும் எந்த வீட்டுக்கும் போன் செய்திருக்கமாட்டார். அடுத்த பிடிஏ கூட்டத்தில் இந்த மூன்று குடும்பமும் சேர்ந்து ஒரு கடிதம் தரப்போகிறோம். தமிழ் வழியிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு, ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதத்தில், தினமும் அரைமணி நேரம் தனியாக மலையாள வாசிப்பு வைக்க முடியுமா என்பது அதில் உள்ள கேள்வி. வரைவு எழுதியாகிவிட்டது. அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் படித்துப் பார்க்கத் தமிழில்தான் இருக்கிறது.